கழற்றி மாட்டுகிறவர்

எங்கள் வீட்டில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பொருள்தான் முழுசாக இருக்கும். மற்றவை எல்லாம் அதற்குத் தங்கள் உறுப்பைக் கொடுத்துவிட்டுக் குறையாக நிற்கும். கூடத்து ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அப்பா நாற்காலி போட்டு ஏறி, நானும் அம்மாவும் படுக்கிற உள்ளறை ஃபேனிலிருந்து கண்டன்சரைக் கழற்றி அங்கே மாட்டிவிடுவார். கூடத்தில் படுப்பது அவரும் அண்ணனும். அதற்கப்புறம் கூடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். எங்கள் தலைக்கு மேலே இருப்பதன் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அம்மா கேட்டால் சிரிப்பார்.

"எங்க பூட்டுது? வூட்லதான இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் குடும்பம் நடத்த முடியும் என்பதை அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மிக்ஸியின் ஒயர் அறுந்தால் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி ஒயர் போகும். அண்ணனுடைய செருப்பு வார் பிய்ந்தால் என் செருப்பின் வார் போகும். திருட்டு என்று சொல்ல முடியாது. எல்லாம் பட்டப்பகலில், நம் கண் முன்னாலேயே, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி நடக்கும். கோபமும் வராது அவருக்கு. கை ஓங்கியதே இல்லை. அதனால் அவரை என்ன சொல்லி வெறுப்பது என்று சிறுவயதில் எனக்குத் தெரியாமலே போனது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் அப்பாவுக்கு வேலை. அறையைக் காலி செய்கிறவர்கள் விட்டுப் போவதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் போன மறுநாள் பை நிறைய வரும். பாதி தீர்ந்த ஷாம்பு, ஒற்றைக் காலுறை, தேய்ந்த சோப்பு. சோப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிசைந்து உருண்டையாக்கிக் குளியலறை மாடத்தில் வைப்பார். அதில் யாருடைய முடியோ சிக்கியிருக்கும். நான் அதை நகத்தால் பிய்த்து எடுத்துவிட்டுக் குளிப்பேன். குளித்து முடித்தபின் உடம்பு முழுக்க முன்பின் தெரியாத ஆட்கள் தொட்டதுபோல இருக்கும். அண்ணனுக்கு மட்டும் உறை பிரிக்காத சின்ன சோப்பு. லாட்ஜ் கணக்கில் புதுசாக வருவது. "அவன் வெளிய நாலு பேர பாக்கறவன்" என்பார்.

அப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்த லாட்ஜ் ஆட்கள், "எதையும் வீணாக்காத மனுஷன்மா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்போது நான் கீழ்பென்னாத்தூரில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சோப்பு போட்டுக் கை கழுவுகிற வேலை. அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினேன். அது பொய்யும் இல்லை.

அவரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிள் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அவருடையது பெரிய சைக்கிள். இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், நடுவில் பார், கம்பி பிரேக். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அண்ணன் ஐ.டி.ஐ. சேர்ந்ததும் அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு அப்பா ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தார். நாங்கள் இருந்தது வேங்கிக்காலுக்கு உள்ளே தள்ளி, நிலமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த பக்கம். அங்கிருந்து ஐ.டி.ஐ. ஊரைத் தாண்டி மறு கோடியில். பழைய சைக்கிள் அந்தத் தூரத்துக்குத் தாங்கவில்லை. வாரத்துக்கு ஒரு தொந்தரவு. அதனால் அப்பாவும் அண்ணனும் சேர்ந்து இரண்டு முடிவு எடுத்தார்கள். ஒன்று, பால்பவுடர் டின்னின் மூடியில் கீறல் போட்டு, புது கியர் சைக்கிளுக்குப் பணம் சேர்ப்பது. இரண்டு, அது சேரும்வரை பழையதை எப்படியாவது ஓட வைப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கு விரித்து, சைக்கிளை சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிற்கும்படி தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அந்த இரண்டு தலைகளும் ஒட்டினாற்போல் குனிந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அப்பா வேறு எதற்கும் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு ஆணியைத் தட்டிக் கழற்றுவதற்கு முன்னால், அதன் நட்டை முழுசாக எடுத்துவிடாமல் மரை முனைக்குச் சமமாக நிறுத்தி வைப்பார். "நேரா மரையில அடிச்சா மரை நசுங்கிரும். அப்பறம் திரும்ப நட்டு ஏறாது. அடியை நட்டு வாங்கிக்கும்" என்று அண்ணனுக்குச் சொல்வார். ஆப்பு வெளியே வந்ததும் அச்சை உருவுவார்கள். கிண்ணம் போன்ற கப்பிலிருந்து கறுத்த பசையோடு எஃகுக் குண்டுகள் சாக்கில் உருளும்.

அந்தக் குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட அவருக்கு ஒரு பாத்திரம் வேண்டும். என் டிபன் பாக்ஸை எடுப்பார்.

முதல் தடவை நான் அழுதேன். "கழுவுனா பூடும் கண்ணு" என்றார். சீயக்காய் போட்டு, சாம்பல் போட்டுக் கழுவினேன். திங்கட்கிழமை மதியம் தயிர்ச் சாதத்தைத் திறந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நான் பசியில் சாப்பிட்டேன். இன்றைக்கும் தயிர் கொஞ்சம் புளித்திருந்தால் என் நாக்கு மண்ணெண்ணெயைத் தேடுகிறது.

பஞ்சர் பார்ப்பது இன்னொரு கூத்து. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாமல் காய்கிறவரை காத்திருந்து ஒட்டு போடுவது வரைக்கும் ஒழுங்காகச் செய்வார். டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி முள் இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க மாட்டார். காற்றடித்து முடித்ததும், வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, விரல் நுனியில் எச்சில் துப்பி அதன் வாயில் தடவுவார். குமிழி விட்டால் வால்வு ரப்பர் போச்சு. அது சரியான சோதனைதான், ஊரில் எல்லோரும் செய்வதுதான். அந்த விரலை அவர் துடைக்கிற இடம்தான் பிரச்சினை. கொடியில் காய்கிற என் தாவணி, அம்மாவின் முந்தானை, எது கைக்கு எட்டுகிறதோ அது. பார்த்துப் பார்த்து அண்ணனும் துப்பக் கற்றுக்கொண்டான். துடைக்கவும் கற்றுக்கொண்டான்.

பதினோராம் வகுப்பில் எனக்கு அரசாங்கச் சைக்கிள் கிடைத்தது.

அதற்கு முன்னால் பஸ் பாஸ் இருந்தது. பஸ்தான் நிற்காது. நிறுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவான், ஓடிப் போவதற்குள் எடுத்துவிடுவான். சைக்கிளை வாங்கிய அன்று பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வீடுவரை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். டயரில் மண் படுவதைக்கூடப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் வேறு யாருமே தொடாத முதல் பொருள் அது. செயினில் தடவியிருந்த எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

அப்பா மல்லாக்கப் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். சுற்றி வந்தார். குனிந்து செயினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல செயினு" என்றார்.

அந்த வாரமே, நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அது பெரிய சைக்கிளில் இருந்தது. என்னுடையதில் அவர்களுடைய கறுத்த பழைய செயின்.

"ஏம்ப்பா, என் செயின எடுத்தே?"

"அண்ணனுக்கு தூரம் ஜாஸ்தி. உனக்கு கம்மி. அவ்ளோதான். எங்க பூட்டுது? வூட்லதான இருக்கு."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பை மடக்கினான்.

ஆனால் சைக்கிளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றாக ஓடித் தேய்ந்த செயினும் பல்லும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். பழைய செயின் நீண்டுபோயிருக்கும், பழைய பல்லும் அதற்கேற்றபடி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் உட்காராது. அண்ணன் எழுந்து நின்று அழுத்தி மிதித்த இடத்திலெல்லாம் 'டக்' என்று எகிறியது. இரண்டு நாள் முட்டியில் காயத்தோடு வந்தான். அப்பா பின்சக்கரத்தைச் சுற்றி, செயின் உட்காரும் பல்சக்கரத்தைப் பார்த்தார். "ப்ரீவீலு தேஞ்சிருக்கு. செயின் மட்டும் மாத்தினா ஆவாது" என்றார். அப்புறம் என் சைக்கிளைப் பார்த்தார்.

ஒன்றை எடுத்தால் அடுத்ததை எடுத்தே ஆக வேண்டும். அப்படித்தான் என் ப்ரீவீல் போனது. அதைக் கழற்ற வீட்டு ஸ்பேனர் போதாது. மிதிக்க மிதிக்க அது மரையில் இறுகிக்கொண்டே போகும். இரண்டு பல் உள்ள தனிக் கருவியை வைஸ் இடுக்கியில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு பின்சக்கரங்களையும் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவும் அண்ணனும் மெக்கானிக் கடைக்குப் போனார்கள். சாமி தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி அவ்வளவு சந்தோஷம். போகும்போது அப்பா எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவதாகச் சொன்னார். வாங்கியும் வந்தார். அதுதான் அவரிடம் தாங்க முடியாதது.

பிறகு சீட் போனது, அண்ணனுக்கு உட்காரும் இடத்தில் வலி என்று. பெடல் போனது. நல்லவேளையாக என்னுடையது சின்னச் சக்கரம். டயரும் டியூபும் பெரியதற்குப் பொருந்தாது. இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும். பிரேக்கும் வேறு ஜாதி. எனக்குக் கேபிள், அவர்களுக்குக் கம்பி. பொருந்தாதவை மட்டும் எனக்கு மிஞ்சின. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களுடைய சைக்கிளும் ஒரே மாதிரி நிற்கும். சாயங்காலம் என்னுடையதை நான் தேட வேண்டியதே இல்லை. கிழிந்த சீட்டும் துருப்பிடித்த பெடலுமாகத் தூரத்திலேயே தெரியும்.

அவர்களுடைய பழைய ப்ரீவீலுக்கு வேறொரு வியாதியும் இருந்தது. அதற்குள்ளே ஸ்பிரிங் வைத்த இரண்டு சின்ன நாக்குகள் உண்டு. முன்னால் மிதிக்கும்போது அவை எழும்பிப் பல்லைப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். மிதிக்காதபோது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்பது அந்த நாக்குகள் வழுக்குவதால்தான். பழைய பசை இறுகி நாக்குகள் ஒட்டிக்கொண்டால் எழும்பாது. அப்போது பெடல் காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றும், சைக்கிள் நகராது.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது அது நடந்தது. வேலூர்ப் பக்கமிருந்து பஸ் வருவதைப் பார்த்தேன். கடந்துவிடலாம் என்று நினைத்து அழுத்தி மிதித்தேன். கால் மட்டும் கீழே போனது. படியில்லாத இடத்தில் கால் வைத்தது மாதிரி இருந்தது. பாரத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தாரில் விழுந்தேன். பஸ் என் புத்தகப்பையைத் தொட்டு நின்றது. டயர் தேய்ந்த வாசனை முகத்தில் அடித்தது.

கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏம்மா, சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலயா?" என்று கத்தினார். அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். "இந்த வண்டிய ஏறாத. வூட்ல சொல்லு. சைக்கிள சரி பண்ணித் தரச் சொல்லு உங்கப்பாவ."

சொன்னேன். அப்பா பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். நாக்கு அவிழ்ந்து 'டிக் டிக்' என்றது. "தோ பாரு, பேசுது. எண்ணெ விட்டா சரியாப் பூடுது. இதுக்கா அழுவற?" என்றார்.

அம்மா அன்றைக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "அந்தப் புள்ளைக்கு எதுனா ஆயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. அப்பா கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். சாக்கு விரித்திருந்தது. ஆனால் தலைகீழாக நின்றது என் சைக்கிள். பக்கத்தில் பெரிய சைக்கிள் செயின் இல்லாமல், சீட் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது.

"வா கண்ணு, இத புடி" என்றார்.

நான் நம்பவில்லை. என் செயின், என் பெடல், என் சீட் எல்லாம் காகிதத்தில் வரிசையாக இருந்தன. துடைத்து, எண்ணெய் போட்டு. காலையிலேயே மெக்கானிக் கடைக்குப் போய் என் ப்ரீவீலை என் சக்கரத்திலேயே திரும்ப மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

அன்று முழுக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கப்பில் புதுக் கிரீஸை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கச் சொன்னார். தேய்ந்து குழி விழுந்த ஒரு குண்டை நானே கண்டுபிடித்தேன். "பாத்தியாடா, உனக்கு இது தெரியல" என்று அண்ணனிடம் சொன்னார். பின்சக்கரம் லேசாகக் கோணியிருந்தது. சட்டத்தில் சாக்பீஸை அணைத்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், ரிம் எந்தப் பக்கம் பிதுங்குகிறதோ அங்கே மட்டும் வெள்ளை படும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்க வேண்டும், இந்தப் பக்கத்தைத் தளர்த்த வேண்டும். "ஒரேயடியா திருப்பாத. கொஞ்சம் கொஞ்சமா கெஞ்சணும்" என்றார். கெஞ்சினேன். ரிம் நேரானது. செயினின் இரு முனைகளையும் இணைக்கிற லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் தட்டிக் கழன்றுகொள்ளும் என்று காட்டினார். கடைசியில் முன்சக்கரத்தை லேசாகச் சுற்றிவிட்டார். அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோன் இறுக்கமாக இருந்தால் சக்கரம் நடுவிலேயே நின்றுவிடும். சரியாக இருந்தால் வால்வு இருக்கிற கனமான பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிக் கீழே வந்து நிற்கும். எங்கள் சக்கரம் ஆடியது. ஆடி, மெதுவாக, வால்வைக் கீழே வைத்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே ஓடிப்போய் டீ போட்டேன். இஞ்சி தட்டி, பாலை அதிகமாக விட்டு, அம்மா ஒளித்து வைத்திருந்த ஏலக்காயையும் எடுத்துப் போட்டேன். அப்பா உறிஞ்சிவிட்டு, "எம்பொண்ணு போட்ட டீ மாதிரி ஊர்ல கெடயாது" என்றார். உள்ளறையில் அம்மாவிடம், "அப்பாவுக்கு மனசு மாறிடுச்சும்மா" என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு புடவையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பெரிய வகுப்புக்காரர்களுக்குப் பரீட்சை என்று எங்களுக்கு லீவு விட்டார்கள். சித்தி வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். வாசலில் என் சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு கியர் சைக்கிள் நின்றது. தடித்த டயர், டிஸ்க் பிரேக், பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட். அண்ணன் கியரை மாற்றி மாற்றிப் பின்னால் செயின் தாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

"என் சைக்கிள் எங்க?"

அப்பா உள்ளேயிருந்து வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். "மொதல்ல இத பாரு கண்ணு. தொட்டுப் பாரு."

"என் சைக்கிள் எங்கப்பா?"

"டின்னுல கொஞ்சம் கொறஞ்சுது. கடைக்காரரு பழசு போட்டா கழிச்சுக்கறேன்னாரு. நம்ம பெரிய வண்டிய யாரு வாங்குவா? அதான் உன்னுத குடுத்தேன்." என் தோளைத் தட்டினார். அவர் முகம் நிஜமாகவே பூரித்திருந்தது. "அவரு செயினத் தூக்கிப் பாத்தாரு, ப்ரீவீல சுத்திப் பாத்தாரு. பின்வீல ஒரு சுத்து விட்டுட்டு, 'துளி கோட்டம் இல்லையே, யாரு பாத்தது?'ன்னாரு. 'எம்பொண்ணு'ன்னேன். ரேட்டு ஏத்திக் குடுத்தாரு தெரியுமா? அதுக்குத்தான மொதல்லயே எல்லாத்தையும் திருப்பி மாட்டுனது. பழச மாட்டிக் குடுத்திருந்தா பாதிதான் வந்திருக்கும்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்த டீதான் தொண்டைக்கு வந்தது. இஞ்சி, ஏலக்காய், பால் எல்லாம் திரண்டு மேலே வந்தது. பஸ்ஸுக்கு முன்னால் நான் விழுந்ததற்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விற்கிற மாட்டைக் குளிப்பாட்டியிருக்கிறார். குளிப்பாட்ட என்னையே கூப்பிட்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

"உனக்கு பெரிய சைக்கிள் இருக்கு" என்றார் அப்பா. "இனிமே அது உனக்கே உனக்கு. எங்க பூட்டுது?"

பெரிய சைக்கிளில் பழைய செயின் திரும்ப ஏறியிருந்தது. பழைய சீட், பழைய பெடல். என்னைத் தாரில் தள்ளிய அதே ப்ரீவீல். சுடிதார் சீருடையில் அந்தப் பாரைத் தாண்டிக் கால் போட முடியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியிருக்கலாம்.

அண்ணன் அன்று சாயங்காலம் என்னிடம் வந்தான். "காலைல நான் உன்ன ஸ்கூல்ல வுட்டுட்டுப் போறேன்" என்றான். இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் கியர் சைக்கிளைப் பார்த்தோம். அதற்குக் கேரியர் இல்லை. பின்னால் ஒரு ஆள் உட்கார இடமே வைக்காமல் செய்த வண்டி. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனையும் அவர் எங்கிருந்தோ கழற்றித் தன்மேல் மாட்டிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தோன்றியது. அப்போது தோன்றியது ஒன்றுதான். இவர்கள் தொட்ட எதையும் நான் இனித் தொடக்கூடாது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், அப்பா வேலைக்கும் அண்ணன் ஐ.டி.ஐ.க்கும் போனபிறகு பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெயின்ரோட்டிலிருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னையும் சைக்கிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"யாருதும்மா இது? அப்பாவுக்குத் தெரியுமா?"

"எனக்கே எனக்குன்னு நேத்து குடுத்தாரு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டயரையும் டியூபையும் உருவித் தனியாகப் போட்டார், சீட்டை ஓரமாக எறிந்தார். மிச்சத்தைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். எடை போட்டதும் பையன் ஒருவன் சம்மட்டியால் சட்டத்தை மடக்கினான். பார் இருந்த இடத்தில் ஒரு அடி, முன் கவையில் ஒரு அடி. இனி யாரும் அதிலிருந்து எதையும் கழற்றி எதிலும் மாட்ட முடியாது என்று தெரிகிறவரை நின்று பார்த்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். சுவரைப் பார்த்தார். கேட்டார், சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். போட்ட செருப்போடு கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதார், தோள் குலுங்க. கல்யாணத்துக்கு முன் முதல் சம்பளத்தில் வாங்கியது, அம்மாவைப் பெண் பார்க்கப் போனது, அண்ணனைப் பாரில் உட்கார வைத்து மலை சுற்றியது, எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். அண்ணன் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவினான். பஸ்ஸுக்கு முன்னால் நான் விழுந்த அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டுக்கூட நான் பார்க்கவில்லை. அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்தேன். வரவில்லை.

அழுது முடித்து எழுந்து போய் முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"எவ்ளோ குடுத்தான்?"

பணம் முடிந்திருந்த துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, போனது போச்சு. அத கொண்டா. கியர் வண்டிக்கு ஒரு கேரியர் வாங்கி மாட்டிடலாம். உன்ன பின்னால உக்கார வெச்சு அண்ணன் இட்டுனு போவான். உனக்குத்தான சொல்றேன்."

கையை நீட்டினார்.

"தர மாட்டேன்" என்றேன்.

அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குக் காதில் விழாத மாதிரி இருந்தது. கை அப்படியே நீண்டிருந்தது. அப்போதுதான் கழுவிய கை. நகக்கண்ணில் கிரீஸ் இல்லை, எச்சில் இல்லை, மண்ணெண்ணெய் வாடை இல்லை. உள்ளங்கை சிவந்து, சின்னக் குழந்தையின் கை மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தமாக அதை நான் பார்த்ததே இல்லை. அப்படியும் அதைத் தொட எனக்கு அருவருத்தது.

"தர மாட்டேன்ப்பா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, வழியில் நின்ற அவரைத் தொடாமல் ஒதுங்கி வெளியே போனேன்.